எந்த போஸ்ட் ஜெயித்தது? இன்டர்வியூவில் கேட்பவர் எதைக் கவனிக்கிறார்

"அக்கா, பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகிறது. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் சித்தி போடும் அப்பளத்துக்கு இன்ஸ்டாகிராம் பேஜ் ஒன்றை எட்டு மாதமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை, பாளையங்கோட்டையில் ஒரு விளம்பர நிறுவனம், இரண்டு இடத்திலும் ஜூனியர் சோஷியல் மீடியா வேலைக்கு இன்டர்வியூ போனேன். ஒரு போஸ்ட் ஜெயித்தது என்று எப்படிச் சொல்வாய், 5,000 ரூபாய் தந்தால் என்ன செய்வாய், கமெண்டில் திட்டினால் என்ன செய்வாய் என்று ஏறக்குறைய ஒரே கேள்விகள். நெட்டில் படித்துவிட்டுப் போன பதில்களைச் சொன்னேன். இரண்டு பேருமே திரும்பக் கூப்பிடவில்லை. அவர்கள் என்ன பதிலை எதிர்பார்க்கிறார்கள்?"
— ஒரு வாசகி, பேட்டை

தங்கச்சி, பாளையங்கோட்டையில் பத்து வருடமாக இன்டர்வியூ மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதே கேள்விகளைக் கேட்டு வருகிறேன். மனப்பாடமாக ஒரு விடையை எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை. எதிரே இருப்பவர் ஒரு பேஜைக் கையில் வைத்து நடத்தியவரா, போனில் ஏறும் எண்ணுக்கும் கடைக் கல்லாவுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவையாவது தொடர்ந்து போய்ப் பார்த்தவரா, இதைத்தான் காது கொடுத்துக் கேட்கிறோம். நீங்கள் எட்டு மாதம் நடத்தியிருக்கிறீர்கள். ஆனால் பதிலில் சித்தியின் அப்பளத்தை விட்டுவிட்டு நெட்டில் இருந்ததைச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கேதான் நழுவியிருக்கிறது.

முதல் கேள்வியையே நிதானமாகப் பார்ப்போம். மற்ற இரண்டும் அதிலிருந்து வருகிறவைதான்.

ஒரு போஸ்ட் ஜெயித்ததா என்று கேட்டால், வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் லைக், வியூஸ், ரீச் என்று வரிசையாகச் சொல்வார்கள். கொஞ்சம் படித்தவர்கள் "எங்கேஜ்மென்ட் ரேட்" என்பார்கள். நல்ல பதில் சொல்கிறவர் முதலில் திருப்பி ஒன்று கேட்பார்: "அந்த போஸ்டை எதற்காகப் போட்டோம்?" புது ஆட்களுக்குக் கடையைத் தெரிய வைக்கவா, தெரிந்தவர்களை வாங்க வைக்கவா, ஏற்கெனவே வாங்கியவர்களைத் திரும்ப வர வைக்கவா? நோக்கம் மாறினால் பார்க்க வேண்டிய எண்ணும் மாறும்.

உங்கள் பேஜையே எடுத்துக்கொள்வோம். எண்கள் ஒரு கணக்குக்காக நான் வைத்துக்கொள்பவை. இன்டர்வியூவுக்குப் போகும்போது இன்சைட்ஸைத் திறந்து உங்கள் சொந்த எண்களை எழுதிக்கொள்ளுங்கள். மொட்டைமாடியில் வெயிலில் அப்பளம் காயவைக்கும் ரீல் ஒன்று: 18,400 வியூஸ், 900 லைக், 40 சேவ். வாட்ஸ்அப்பில் விசாரித்தவர்கள் 3 பேர். இன்னொன்று சாதாரணப் படம். அப்பளத்தின் சைஸ், ஒரு கட்டில் எத்தனை, விலை என்ன, கூரியர் எவ்வளவு, அவ்வளவுதான். 1,100 வியூஸ், 35 லைக், ஆனால் 64 சேவ். விசாரித்தவர்கள் 22 பேர், அதில் 9 ஆர்டர்.

சேவ் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். ரீலுக்கு 1,000 வியூஸுக்கு இரண்டு சேவ்தான். விலைப் படத்துக்கு 1,000 வியூஸுக்கு 58. லைக் போடுவதற்கு அரை நொடி போதும். சேவ் செய்கிறவர் "இது பிறகு வேண்டும்" என்று எடுத்து வைக்கிறார். சமையல் சாமானை விற்கிற பேஜில் அது பெரும்பாலும் வாங்கும் எண்ணம்தான். இதை உங்கள் வாயால், உங்கள் எண்ணை வைத்துச் சொன்னால், எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

உடனே அடுத்த கேள்வி வரும். "அப்படியென்றால் ரீல் போடுவதை நிறுத்திவிடலாமா?" இது வேண்டுமென்றே இழுத்துப் பார்க்கும் கேள்வி. "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் பாதிதான் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். இன்சைட்ஸில் பார்த்தவர்களில் பின்தொடர்பவர்கள் எத்தனை சதவீதம், மற்றவர்கள் எத்தனை சதவீதம் என்று பிரித்துக் காட்டும். ரீலைப் பார்த்தவர்களில் பெரும்பகுதி பேஜைத் தெரியாதவர்களாக இருக்கலாம். அவர்களில் சிலர் அன்றைக்கே பின்தொடர்ந்து, பத்து நாள் கழித்து விலைப் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்திருக்கலாம். ஆகவே ரீலை ஆர்டரை வைத்து அளப்பது நியாயமில்லை. அந்த ரீலால் எத்தனை பேர் புரொஃபைலுக்குள் வந்தார்கள், எத்தனை பேர் பின்தொடர்ந்தார்கள் என்று அளக்க வேண்டும். இரண்டு போஸ்டும் இரண்டு வேலை செய்கின்றன. இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரிடம் ஒரு மாத அறிக்கையை நம்பிக் கொடுக்கலாம் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

"அந்த 22 பேர் விலைப் படத்தைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று எப்படித் தெரியும்?" இதைக் கேட்டால் நிறையப் பேர் திகைத்துப் போவார்கள். கேப்ஷனில் லிங்க் போட்டால் இன்ஸ்டாகிராமில் அது அழுத்த வராது. ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் உண்டு, பயோவில் லிங்க் வைக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி வாட்ஸ்அப் லிங்க் கொடுத்தால் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Appalam%20S1
https://wa.me/91XXXXXXXXXX?text=Appalam%20B1
```

91-க்குப் பிறகு கடை எண். லிங்கை அழுத்தினால் வாட்ஸ்அப் திறந்து அந்த வாசகம் ஏற்கெனவே தட்டி வைத்ததுபோல நிற்கும். S1 என்று வந்தால் ஸ்டோரி, B1 என்றால் பயோ. விலைப் படத்தைப் போடும் அன்றைக்கு அதையே ஸ்டோரியிலும் பகிர்ந்து S1 லிங்கை ஒட்டினால், அந்தப் படத்தால் வந்தவர்களை ஓரளவு பிரிக்கலாம். ஓரளவுதான். சிலர் அந்த வாசகத்தை அழித்துவிட்டு "அக்கா அப்பளம் இருக்கா?" என்று எழுதுவார்கள். சிலர் எண்ணைச் சேமித்து வைத்து ஒரு வாரம் கழித்து வருவார்கள். அதனால் பேச்சோடு பேச்சாக "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு, வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போட்டு வைக்க வேண்டும். இந்த முறையின் ஓட்டையையும் சேர்த்துச் சொல்கிறவரை நான் கூடுதலாக நம்புவேன். எல்லாவற்றையும் துல்லியமாக அளந்துவிடலாம் என்பவர் இன்னும் அளந்து பார்த்ததில்லை.

இதை நான் எப்படிக் கற்றேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இனிப்புக் கடைக்கு அல்வா கிண்டும் வீடியோ ஒன்று போட்டேன். கோதுமைப் பால் கெட்டிப்பட்டு, நெய் பிரிந்து, கரண்டியிலிருந்து வழுக்கி விழும் காட்சி. இரண்டு லட்சம் பேருக்கு மேல் போனது. கமெண்டில் பாதி பேர் வெளி மாநிலக்காரர்கள், "டெலிவரி உண்டா?" என்று கேட்டிருந்தார்கள். கடையில் கூரியரே கிடையாது. நேரில் வந்து வாங்கினால்தான் உண்டு. மாதக் கடைசியில் முதலாளி அண்ணாச்சி, "இத்தனை பேர் பாத்திருக்காங்கன்னு சொல்லுதியே, கடையில கூட்டம் ஒண்ணும் கூடலையே" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. யாருக்கு விற்க முடியும் என்று போடுவதற்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து இன்டர்வியூவில் நான் முதலில் தேடுவது, எதிரே இருப்பவர் அந்தக் கேள்வியைக் கேட்கிறாரா என்பதைத்தான்.

அப்புறம் 5,000 ரூபாய். "நல்லாப் போகிற போஸ்டை பூஸ்ட் பண்ணுவேன்" என்று நீங்கள் சொல்லியிருந்தால், எதற்கு என்ற பாதி விடுபட்டுவிட்டது. நல்ல பதில் இங்கேயும் கேள்வியோடுதான் தொடங்கும். சராசரி ஆர்டர் எவ்வளவு? அதில் கைக்கு நிற்பது எவ்வளவு? சரக்கு இருக்கிறதா? எந்த ஊர் வரைக்கும் அனுப்பினால் நொறுங்காமல் போய்ச் சேரும்?

ஒரு ஆர்டர் 400 ரூபாய், உளுந்து, கூலி, பேக்கிங் எல்லாம் போக 120 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. மொத்தமே 5,000-தான் என்றால் விளம்பரத்துக்குப் போவது ஏறக்குறைய 4,237 ரூபாய். இந்த வரியைத் தானாக எடுத்துச் சொல்கிறவர் ஒரு தடவையாவது பில்லைப் பார்த்தவர். சித்தியின் பையிலிருந்து போவது 5,000 முழுசாக. அதை 120-ஆல் வகுத்தால் 42 ஆர்டர் வந்தால்தான் போட்ட காசு திரும்பும். பேஜைத் தெரிந்தவர்களில் 22 பேருக்கு 9 பேர் வாங்கினார்கள். விளம்பரம் பார்த்து வருகிறவர் புதியவர், ஆகவே நாலு பேருக்கு ஒருவர் என்று குறைத்துக்கொள்வோம். 42 ஆர்டருக்கு 168 பேர் வாட்ஸ்அப்பில் வர வேண்டும். ஒரு விசாரணைக்கு வரியோடு சேர்த்து 30 ரூபாய்க்குள் ஆக வேண்டும்.

இந்த 30 ரூபாயை மேஜையில் வைத்துவிட்டால் மீதிப் பேச்சு தானாக நடக்கும். ஆட்ஸ் மேனேஜரில் வாட்ஸ்அப் உரையாடலுக்கான விளம்பரமாகப் போடுவேன், பத்து நாள் ஓட்டுவேன், ஒரே ஆட் செட்டில் இரண்டு விதமான படம் அல்லது வீடியோ மட்டும் வைப்பேன் என்று சொல்லலாம். ஆட் செட் என்பது ஒரே பட்ஜெட்டில் ஒரே வகை ஆட்களுக்கு ஓடும் விளம்பரங்களின் தொகுப்பு. ஏன் ஒரே ஆட் செட்? ஒரு ஆட் செட்டுக்கு வாரத்துக்கு 50 அளவில் பலன் கிடைத்தால்தான் யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று கற்கும் கட்டத்தைத் தாண்டி அது நிலைப்படும் என்பது இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவே சொல்லும் கணக்கு. 5,000 ரூபாயை ஐந்து ஆட் செட்டாகப் பிரித்தால், எதிர்பார்த்தபடியே வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு 23 விசாரணைதான் கிடைக்கும். எதுவும் நிலைக்காது.

இங்கேயும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "மூன்று நாள் ஆச்சு, ஒரு விசாரணைக்கு 55 ரூபாய் ஆகிறது. என்ன செய்வீர்கள்?" உடனே நிறுத்துவேன் என்பது பயம். பொறுத்துப் பார்ப்பேன் என்று மட்டும் சொன்னால் அது சோம்பல்போலக் கேட்கும். விளம்பரத்தைப் பார்த்தும் யாரும் அழுத்தவில்லையா, அழுத்தியும் மெசேஜ் அனுப்பாமல் போகிறார்களா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அழுத்தவே இல்லையென்றால் படத்திலோ காட்டப்படும் ஆட்களிடமோ குறை. அழுத்திவிட்டுத் திரும்பினால் தட்டி வைத்த வாசகம் அவர்களைக் குழப்பியிருக்கலாம். மெசேஜ் வந்தும் ஆர்டர் ஆகவில்லை என்றால், சித்தி இரவு ஒன்பது மணிக்குத்தான் பதில் போடுகிறாரா, கூரியர் கட்டணத்தைக் கேட்டதும் நழுவுகிறார்களா என்று வாட்ஸ்அப்பை உட்கார்ந்து படிக்க வேண்டும். கட்டணம்தான் தடையென்றால் படத்திலேயே அதைப் போட்டுவிடலாம். விசாரணை குறையும், வருகிறவர் வாங்குவார். அப்பளம் தீர்ந்தால் திரும்ப வாங்கும் பொருள் என்பதால், முதல் ஆர்டரில் கொஞ்சம் கை கடித்தாலும் பரவாயில்லை என்று சித்தி நினைக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் சித்திதான், நாம் கணக்கை மட்டும் அவர் முன்னால் வைக்கிறோம். இந்த எல்லையும் பதிலில் தெரிய வேண்டும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நான் ரசித்துக் கேட்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் வெயில் கிடைக்காது, அப்பளம் காயாது. அந்த மாதங்களில் விளம்பரம் ஓட்டி ஆர்டரை வாங்கி வைத்துவிட்டு "சரக்கு இல்லை" என்று சொன்னால், காசும் போய் பேரும் போகும். கடையின் பருவத்தைத் தெரிந்து வைத்திருப்பவர் இதைக் கேட்காமலேயே சொல்வார். ஜவுளிக்கடைக்குப் போனால் அங்கே ஆடி, தீபாவளி, முகூர்த்த மாதங்கள்.

கமெண்ட் கேள்விக்கு வருகிறேன். "பாதி அப்பளம் நொறுங்கி வந்திருக்கு, ஏமாத்து வேலை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அழித்துவிடுவேன் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது; அழித்தால் அவர் ஸ்கிரீன்ஷாட்டோடு திரும்ப வருவார். "சாரி, இன்பாக்ஸ் வாங்க" என்று ஒட்டுவதும் போதாது. அந்தக் கமெண்டைப் படிக்கப் போகும் மற்ற பத்துப் பேருக்கும் நாம் பதில் சொல்கிறோம். நான் எதிர்பார்க்கும் வரிசை இது: ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது, ஆர்டர் உண்மையா என்று பார்ப்பது, பிறகு கமெண்டுக்குக் கீழேயே எல்லோரும் பார்க்க ஒரு பதில். "நொறுங்கி வந்ததற்கு வருந்துகிறோம் அண்ணாச்சி. பார்சல் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பதில் சொல்லுதோம்." இதில் ஆறு மணி என்ற சொல்தான் கனமானது. அதைக் காப்பாற்ற முடியுமா என்று யோசித்துத்தான் எழுத வேண்டும்.

அதில் பணம் திருப்பித் தருவோம், புதுக் கட்டு அனுப்புவோம் என்று எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஜூனியராகச் சேர்ந்தவருக்கு அந்த அதிகாரம் இருக்காது. "மாற்றிக் கொடுக்க யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை ரூபாய் வரைக்கும் நானே முடிவு செய்யலாம் என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்வேன்" என்று ஒருவர் சொன்னால் அது எனக்கு மிகப் பெரிய பதில். பிரச்சினை முடிந்ததும் அதே கமெண்டுக்குத் திரும்பி வந்து "புதுக் கட்டு அனுப்பிவிட்டோம்" என்று எழுதி முடிப்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். ஒரே மாதத்தில் நொறுங்கியதாக மூன்று புகார் வந்தால் அது கமெண்ட் வேலையைத் தாண்டிவிட்டது. பெட்டிக்குள் அட்டை வைக்கச் சொல்லிச் சித்தியிடம் எடுத்துப்போக வேண்டும். சாதியைச் சொல்லியோ பெண் என்பதாலோ திட்டுகிறவருக்குப் பதிலே வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மறைத்து, ரிப்போர்ட் செய்து, மேலே இருப்பவருக்குச் சொல்லிவிடுங்கள். குறை சொல்கிறவரையும் வசைபாடுகிறவரையும் ஒன்றாகப் போட்டுப் பதில் சொன்னால், இரண்டில் ஒன்றை அனுபவிக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

"எங்கள் பேஜில் எதை மாற்றுவாய்?" என்ற கேள்வியும் கட்டாயம் வரும். முந்தைய நாள் அரை மணி நேரம் அவர்கள் பேஜில் கமெண்டுகளை மட்டும் படியுங்கள். ஜவுளிக்கடை பேஜ் என்றால் "விலை என்ன?" என்று இருபது பேர் கேட்டு, இருபதுக்கும் பதில் இல்லாமல் கிடக்கும். அந்த ஒன்றை மரியாதையாகச் சுட்டிக்காட்டினால் போதும், டிசைன் சரியில்லை, கலர் சரியில்லை என்று பத்துக் குறை அடுக்க வேண்டாம். ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்ற கேள்விக்கு உண்மையாக இரண்டு வரி சொல்லிவிட்டு நகருங்கள். அதை வைத்து யாரையும் எடுத்ததாகவோ விட்டதாகவோ எனக்கு நினைவில்லை.

அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு தாள் கொண்டு போங்கள். ஒரு பக்கம் ரீலின் இன்சைட்ஸ், விலைப் படத்தின் இன்சைட்ஸ், இரண்டு ஸ்கிரீன்ஷாட். மறுபக்கம் உங்கள் கையெழுத்தில் எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை ஆர்டர், எங்கே கணக்கு தெளிவாகத் தெரியவில்லை என்பது. ஆர்டர் எண்ணை வெளியே காட்டலாமா என்று சித்தியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாமல் மறைத்துவிடுங்கள். மறைக்காமல் கொண்டு வந்தால் நாளைக்கு எங்கள் வாடிக்கையாளர் விவரத்தையும் இப்படித்தான் காட்டுவார் என்று நினைப்போம்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "பேஜுக்கு வருகிற மெசேஜுக்கு இப்போது யார் பதில் சொல்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை யார்?" என்று கேளுங்கள். ஒரு ஆள் பேரைச் சொன்னால் அங்கே வேலை ஒழுங்காக நடக்கிறது. "எல்லாரும் பார்த்துப்போம்" என்றால், சேர்ந்த நாளிலிருந்து அது உங்கள் தலையில்தான் விழும். அப்படியானால் சம்பளம் பேசும்போதே வேலை நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.